துணி துவைக்கிற பிரச்சினையா, ரிஃப்ளக்ஸ் நோயா?

"என் மகளுக்கு 70 நாள் ஆகிறது. தாய்ப்பால்தான், ஆனால் பால் போதவில்லை என்று மாமியார் சொன்னதால் நாளைக்கு 3 தடவை பவுடர் பாலும் 120 மில்லி பாட்டிலில் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் கக்குகிறாள், சில நேரம் தயிர் மாதிரி, ஓரிரு முறை மூக்கு வழியாகவும் வந்தது. மற்றபடி சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 5 கிலோ. ரிஃப்ளக்ஸ் என்று அமிலத்துக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது நோயா? மருந்தை ஆரம்பிக்கலாமா?"

நீங்கள் எழுதியதில் முதலில் என் கண்ணில் பட்டது தயிரும் மூக்கும் இல்லை, அந்த 5 கிலோதான். இருபத்தைந்து வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். கக்குகிறது என்று தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் துணியை அப்புறம் காட்டுங்கள், முதலில் எடை எடுப்போம் என்பேன். உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிறந்த குழந்தைக்கு முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைந்து, 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். பத்தாம் நாள் 2.9 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகான 60 நாளில் 2,100 கிராம் ஏறியிருக்கிறாள். நாளைக்கு 35 கிராம். இந்த வயதில் 25, 30 கிராம் ஏறினாலே போதும். அதாவது அவள் கக்கியது போக உள்ளே தங்கியதே தேவைக்கு மேல் இருக்கிறது. குழந்தையை நேரில் தொட்டுப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் ரிஃப்ளக்ஸும் ரிஃப்ளக்ஸ் நோயும் இரண்டு வேறு விஷயம் என்பதையும், உங்கள் மகள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பதையும் சொல்ல முடியும்.

இரைப்பையில் இருப்பது உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவதுதான் ரிஃப்ளக்ஸ். நம் தமிழில் எதுக்களிப்பு என்று அழகான வார்த்தை இருக்கிறது. இது ஒரு நிகழ்வு, அவ்வளவுதான், உங்களுக்கும் எனக்கும்கூடச் சாப்பிட்ட பிறகு நடக்கிறது. அப்படி மேலேறி வருவதால் குழந்தைக்குக் கெடுதல் உண்டானால்தான், அதாவது எடை ஏறாமல் போனாலோ, உணவுக்குழாய் புண்ணானாலோ, பால் மூச்சுக்குழாய்க்குள் போனாலோ, வலியால் குடிக்கவே மறுத்தாலோதான், நோய் என்ற பெயர். எத்தனை தடவை கக்குகிறது என்பது அந்த வரையறையிலேயே கிடையாது. நாளைக்குப் பத்து துணி மாற்றுகிற குழந்தை நோயில்லாமல் இருக்கலாம், வெளியே ஒரு சொட்டும் வராத குழந்தைக்கு நோய் இருக்கலாம்.

ஏன் கக்குகிறது என்பதற்கு 'வால்வு இன்னும் பலமாகவில்லை' என்று ஒரு விளக்கம் எல்லாரும் சொல்வார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதில் பிடிப்பு போதுமான அளவு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், விழுங்கும்போது திறப்பது போக, விழுங்காத நேரத்திலும் அந்தத் தசை அவ்வப்போது தானாகச் சில நொடிகள் தளரும். வயிறு உப்பினால் அடிக்கடி தளரும். உள்ளே போன காற்று ஏப்பமாக வெளியேறுவதற்கு உடம்பு வைத்திருக்கும் வழி அது. பெரியவர்களுக்கும் இதே தசை இதே மாதிரி தளர்கிறது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறோம், சாப்பிட்டது கெட்டியாக அடியில் கிடக்கிறது, மேலே காற்று நிற்கிறது, அதனால் கதவு திறந்ததும் காற்று மட்டும் வருகிறது. குழந்தை நாள் முழுக்கப் படுத்திருக்கிறது, உள்ளே இருப்பது எல்லாம் திரவம், கதவு திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்பது பால். உணவுக்குழாயின் நீளமும் பத்து சென்டிமீட்டர்தான், கொஞ்சம் ஏறினாலே வாய்க்கு வந்துவிடும். அடித்தொண்டையும் மூக்கும் பின்னால் ஒன்றாகச் சேர்வதால் மூக்கு வழியாகவும் எட்டிப் பார்க்கும். பயமுறுத்தும் காட்சிதான், ஆனால் அது தனியாக ஒரு நோயின் அடையாளம் இல்லை.

தயிர் மாதிரி வருவது பற்றி ஒரு வார்த்தை. 'செரிக்கவில்லை, பால் கெட்டுப்போய் வருகிறது' என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் இரைப்பைக்குள் போன பால் அமிலத்தோடு சேர்ந்து திரிவதுதான் செரிமானத்தின் முதல் படி. குடித்த உடனே வந்தால் பாலாக வரும், அரைமணி கழித்து வந்தால் திரிந்து வரும். வயிறு சரியாக வேலை செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அளவையும் நம் கண் பெரிதாகக் காட்டும். சந்தேகமாக இருந்தால் இரண்டு டீஸ்பூன் பாலை, அதாவது 10 மில்லியை, ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள். 'குடித்ததை எல்லாம் கக்கிவிட்டாள்' என்று நீங்கள் நினைத்த கறை அதைவிடச் சின்னதாகவே இருக்கும்.

இப்போது பாட்டில் கணக்குக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் மாற்ற வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 150 மில்லி பால் வேண்டும். அதுவே எவ்வளவு அதிகம் என்று புரிய, 60 கிலோ ஆள் அதே விகிதத்தில் குடித்தால் நாளைக்கு 9 லிட்டர் ஆகும். அவ்வளவையும் படுத்துக்கொண்டே குடித்தால் நாமும் கக்குவோம். உங்கள் மகளின் 5 கிலோவுக்கு 750 மில்லி. நீங்கள் கொடுக்கும் மூன்று பாட்டிலே 360 மில்லி, கிட்டத்தட்டப் பாதி. அது போகத் தாய்ப்பால் எத்தனை முறை என்று எழுதவில்லை, ஏழெட்டு முறை என்றால் மொத்தம் 750-ஐத் தாண்டிப் போகிறது என்றே நினைக்கிறேன். பாலைக் குடித்து முடித்த குழந்தைக்கு அதற்கு மேல் பாட்டிலும் கொடுத்தால் வயிறு உப்பும், உப்பினால் தசை தளரும், தளர்ந்தால் கக்கும், கக்கியதும் 'எல்லாம் போய்விட்டதே' என்று மறுபடி கொடுப்போம். இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எடை நாளைக்கு 35 கிராம் ஏறுகிற குழந்தைக்குப் பால் போதவில்லை என்று யார் சொன்னாலும், மாமியாரிடம் மரியாதையாகவே எடைச் சீட்டைக் காட்டுங்கள்.

அதற்காக நாளைக்கே மூன்று பாட்டிலையும் நிறுத்த வேண்டாம். 120-ஐ 90 ஆக்கி, மூன்று நாள் கழித்து 60 ஆக்கி, ஒரு வேளையை விட்டு, இப்படி இறங்குங்கள், இறங்கும்போது வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். பாட்டில் கொடுக்கும்போது நிப்பிளின் துளையில் கவனம் வையுங்கள், கவிழ்த்தால் ஒழுக்காகக் கொட்டக் கூடாது, சொட்டாக விழ வேண்டும். 120 மில்லி ஐந்து நிமிடத்தில் காலியாகிறது என்றால் அது குடிப்பது இல்லை, ஊற்றுவது. முகத்தைத் திருப்பிக்கொண்டால், உதட்டை மூடிக்கொண்டால் மிச்சம் இருப்பதைக் கீழே கொட்டிவிடுங்கள். பவுடர் விலை எனக்கும் தெரியும், இருந்தாலும். தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

தட்டி ஏப்பம் விட வைத்தால் கக்காது என்று ஊரே சொல்லும். சண்டிகரில் 71 தாய்-சேய்களை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், தட்டி ஏப்பம் எடுத்த குழந்தைகளுக்குக் கக்குவது குறையவில்லை, அதிகமாகத்தான் ஆனது. சின்ன ஆய்வு, அதை வைத்துத் தட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குடித்த பிறகு 20 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள், ஏப்பம் வந்தால் வரட்டும், வராவிட்டால் முதுகில் படபடவென்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. குடித்த கையோடு தூளியில் போடுவது, காலில் படுக்க வைத்துக் குளிப்பாட்டுவது, வயிற்றை அழுத்துகிற மாதிரி டயபரை இறுக்கிக் கட்டுவது, இவை மூன்றும் வயிற்றை மடக்கிப் பாலை மேலே தள்ளும் வேலைகள். அரைச் சாய்வாக உட்கார வைக்கும் சீட்டும் அப்படித்தான், நிமிர்த்துவதுபோல் தெரியும், ஆனால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும்.

தூங்கும்போது மட்டும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். மல்லாந்து, சமதளத்தில், தலையணை இல்லாமல். கக்குகிற குழந்தை மல்லாந்து படுத்தால் புரையேறுமே என்றுதான் எல்லாரும் குப்புறவோ ஒருக்களித்தோ போடுகிறார்கள். உடற்கூறு நேர் எதிராக இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடும், பால் தேங்கும் இடம் மூச்சுக்குழாயின் வாசலாகிவிடும். குப்புறப் படுத்தால் கக்குவது குறையும் என்பது உண்மை. தூக்கத்தில் திடீர் மரணம் கூடும் என்பதும் உண்மை. இதில் பேரம் பேச இடமில்லை.

சரி, நிஜமான நோய் எப்படி இருக்கும்? ஒரு குழந்தையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 30 வாரத்தில் பிறந்தவன், என்னிடம் வரும்போது ஐந்து மாதம். அம்மா கக்குவதைப் பற்றிப் பேசவே இல்லை, 'பாலைப் பார்த்தாலே அழுகிறான்' என்றார். பசியோடு வாயை வைப்பான், நாலு மடக்கு குடிப்பான், உடனே முதுகை வில்லாக வளைத்துத் தலையைத் திருப்பி அலறுவான். தூங்கும்போது மட்டும் ஏமாற்றிக் கொடுத்தால் குடிப்பான். ஆறு வாரத்தில் எடை 300 கிராம்கூட ஏறவில்லை, ரத்தம் குறைந்திருந்தது, கக்கியதில் இரண்டு முறை காப்பிப்பொடி நிறத்தில் துகள் இருந்தது. அது உணவுக்குழாய் புண்ணாகிக் கசிந்த ரத்தம். இந்தக் குழந்தைக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தோம், பலன் இருந்தது. நோய் வரும் குழந்தைகள் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு பின்னணியோடு வருவார்கள்: குறைமாதம், மூளை வளர்ச்சிக் குறைபாடு, பிறவியிலேயே உணவுக்குழாய் அடைத்திருந்து அறுவை செய்தவர்கள், உதரவிதானத்தில் துளையோடு பிறந்தவர்கள். நிறைமாதத்தில் பிறந்து சிரித்துக்கொண்டு எடை ஏறும் குழந்தைக்கு இது அபூர்வம்.

ஆனால் ரிஃப்ளக்ஸே இல்லாத, ரிஃப்ளக்ஸ் வேஷம் போட்ட வேறு சில நோய்கள்தான் என்னைத் தூங்கவிடாதவை. ஒன்றில் நானே சறுக்கியிருக்கிறேன். பிராக்டிஸ் ஆரம்பித்த புதிதில் நான்கு வாரத் தலைச்சன் ஆண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள், இரண்டு நாளாகக் கக்குகிறான் என்று. எடை 3.7 கிலோ, நன்றாகவே இருந்தான். எங்கள் பாட்டி 'கக்குற பிள்ளை தக்கும்' என்பார், அதையே சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டேன். கக்குவது எப்படி என்று கேட்கவில்லை. பத்து நாள் கழித்து வந்தபோது 3.4 கிலோ. என் முன்னாலேயே அம்மா பால் கொடுத்தார், ஆவலாகக் குடித்தான், வயிற்றின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஒரு உருண்டை அலைபோல் நகர்வது தோலுக்கு மேலேயே தெரிந்தது, அப்புறம் பால் என் மேசை வரை பீய்ச்சி அடித்தது. அடித்து முடித்த அடுத்த நிமிடமே மறுபடி பசி. இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்து அடைத்துக்கொள்ளும் நோய் அது. ஸ்கேனில் தெரிந்தது. உப்புச் சத்துகளைச் சரி செய்த பிறகு ஒரு சின்ன அறுவை, மறுநாளே பால் குடித்தான். முதல் நாளே 'ஒழுகுகிறதா, பீய்ச்சுகிறதா' என்று கேட்டு, மூன்று நாளில் எடைக்கு வரச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை அவ்வளவு வற்றியிருக்க மாட்டான். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கும், ஆண் குழந்தைகளுக்கு அதிகம். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், எடையும் ஏறுகிறாள், அதனால் இது உங்களுக்காக இல்லை, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது.

இன்னொன்று நிறம். வெள்ளை, தயிர், லேசான மஞ்சள், இவை சரி. இலைப் பச்சை நிறத்தில் வாந்தி வந்தால், ஒரே ஒரு முறை வந்தாலும், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணி அந்த மணிநேரமே குழந்தை அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. அதே மாதிரி, கக்குவதோடு காய்ச்சல், துவண்டு கிடப்பது, வயிறு வீங்கி இறுகுவது, உச்சிக்குழி புடைப்பது, 24 மணி நேரத்தில் சிறுநீர் ஆறு முறைக்கு வெகுவாகக் குறைவது, வாந்தியில் ரத்தம் என்று எது சேர்ந்தாலும் அது எதுக்களிப்புக் கணக்கில் வராது. ஆறு மாதம் வரை கக்காத குழந்தை அதற்குப் பிறகு புதிதாகக் கக்க ஆரம்பித்தாலும் அப்படியே. மலத்தில் சளியும் ரத்தக் கோடுகளும், தோலில் கரப்பான் மாதிரித் தடிப்பும் இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையை நினைக்க வேண்டும். பவுடர் பாலும் பசும்பாலிலிருந்து வருவதுதான். அதை நிறுத்தி, தாயும் பால் பொருள்களை இரண்டிலிருந்து நான்கு வாரம் விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். உங்கள் மகளுக்கு இந்த அறிகுறி எதையும் நீங்கள் எழுதவில்லை, இருந்தால் சொல்லுங்கள்.

அந்தச் சொட்டு மருந்துக்கு வருகிறேன். இது கக்குவதை நிறுத்தும் மருந்தே இல்லை. அமிலத்தைக் குறைக்கும், பால் மேலே வருவது அப்படியே வரும், அமிலம் இல்லாமல் வரும். குடித்து ஒன்றிரண்டு மணிநேரம் வரை வயிற்று அமிலத்தைப் பாலே தணித்து வைத்திருக்கும், ஆகவே குடித்தவுடன் கக்குவதில் எரிக்கும் அமிலம் அதிகம் இருப்பதும் இல்லை. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் குடித்த பிறகு அழுது அவதிப்பட்ட 162 குழந்தைகளில் பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் போலி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் 54 சதவீதம் பேருக்கு நல்ல மாற்றம், ஒரே எண். மருந்து குடித்த பக்கத்தில் நுரையீரல் தொற்று போன்ற கடுமையான தொல்லைகள் அதிகம். அமிலம் கிருமிகளைக் கொல்லும் காவலாள் என்பதால் அதில் ஆச்சரியமில்லை. இதனால்தான் அமெரிக்க, ஐரோப்பிய குழந்தைகள் வயிற்று நிபுணர்களின் 2018 வழிகாட்டி, நன்றாக இருக்கும் குழந்தை கக்குகிறது என்பதற்காக இந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எழுதியவர் உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர், நான் பார்க்காதவன். அதனால் அவரிடமே போய், 'எடை நன்றாக ஏறுகிறது, குடிக்க மறுப்பதில்லை, இந்த மருந்து எதற்காக, எத்தனை வாரத்துக்கு?' என்று நேராகக் கேளுங்கள். நான் கவனிக்காத ஒரு காரணம் அவரிடம் இருக்கலாம். கக்குவதற்காகத்தான் என்று சொன்னால், பாட்டிலைக் குறைத்து இரண்டு வாரம் பார்த்துவிட்டு வரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் சரி என்பார்கள், மருந்தில்லாமல் அனுப்பினால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் பலமுறை எழுதுகிறோம், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

மருந்து வேண்டாம் என்றால் அடுத்து உரம் எடுக்க, தொக்கம் எடுக்க யாராவது கூப்பிடுவார்கள். போகாதீர்கள். துணியில் போட்டு உருட்டுவதும், வாயில் விரலை விடுவதும், குழாய் வைத்து ஊதுவதும் 70 நாள் குழந்தைக்குத் தாங்காது. நான் தொண்டைக் காயத்தோடு வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எப்போது நிற்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கக்குவது நான்கு மாதத்தில்தான் உச்சத்துக்குப் போகும், அந்த வயதில் மூன்றில் இரண்டு குழந்தைகள் நாளைக்கு ஒரு முறையாவது கக்கும். உட்காரவும் திட உணவு சாப்பிடவும் ஆரம்பித்ததும் இறங்கி, ஒரு வயதில் இருபதில் ஒரு குழந்தைதான் மிஞ்சும். ஆகவே அடுத்த மாதம் இப்போதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கக்கலாம். பாட்டிலைக் குறைத்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று வீட்டில் அப்போது ஒருவர் சொல்வார். அந்த வார எடைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.